ஏழு மணி ஓவர்

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்குத் தங்கியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். காலை ஏழு மணி. பால் காபி வாங்கப் போனவர்கள் ஃபிளாஸ்க்கோடு திரும்பி வரும் நேரம். ராத்திரி முழுக்க வார்டில் இருந்த சிஸ்டரும், அப்போதுதான் வந்து சேர்ந்த சிஸ்டரும் கட்டில் கட்டிலாக நின்று, தணிந்த குரலில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டே போவார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் கையிலிருக்கும் தாளில் குறித்துக்கொள்வார். டிரிப்ஸ் பாட்டிலை நிமிர்ந்து பார்ப்பார்கள், கேஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டுவார்கள், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். நம் கட்டிலில் அவர்கள் நின்றது மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும்.

எங்கள் பேச்சில் அதற்கு 'ஓவர்' என்று பெயர். போகிறவர் ஓவர் கொடுக்கிறார், வருகிறவர் ஓவர் எடுக்கிறார். 31 வருடம் இரண்டையும் செய்திருக்கிறேன். இப்போது நர்சிங் மாணவிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊசி போடவும் கேனுலா ஏற்றவும் சில மாதங்களில் பழகிவிடுகிற பெண்கள், அந்த ஒரு நிமிடத்தில் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று பிடிபடாமல் வருடக்கணக்கில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். நானும் அப்படித் தடுமாறியவள்தான். அதற்கு என்ன விலை என்பதை ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். காலைப் பணியில் இருந்த சிஸ்டர் பதினோரு மணிக்கு அவருடைய சிறுநீர்க் குழாயை எடுத்திருந்தார். மதியம் எனக்கு ஓவர் கொடுக்கும்போது, "கதீட்டர் எடுத்தாச்சு" என்றார். நான் தலையாட்டினேன். சாயங்காலம் முழுக்க அவருக்கு மாத்திரை கொடுத்தேன், காயத்துக் கட்டைப் பார்த்தேன், புரண்டு படுக்க உதவினேன். ராத்திரி சிஸ்டருக்கு ஓவர் கொடுக்கும்போது, "கதீட்டர் இல்லை, சாப்பிட்டார், பி.பி. சரியா இருக்கு" என்றேன். நள்ளிரவுக்கு மேல் பெரியவர் நிலைகொள்ளாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், போர்வையை இழுத்து எறிந்திருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வருவது உண்டு என்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். விடியற்காலையில் ஒரு டாக்டர் அவர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். கல் மாதிரி இருந்திருக்கிறது. மறுபடி குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வந்தது. நானூறு, ஐந்நூறு மில்லி சேர்ந்தாலே தாங்க முடியாமல் எழுந்து போகும் உடம்பு நமக்கு. அவருடைய பை விரிந்து தளர்ந்துபோய், மேற்கொண்டு பல நாள் அதே குழாயோடு கிடந்தார்.

மறுநாள் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மூன்று பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. குழாய் எடுத்தது உண்மை, பி.பி. சரியாக இருந்ததும் உண்மை. குழாய் எடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அவர் தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும் என்ற வேலை மட்டும் யார் வாயிலும் வரவில்லை. முதல் சிஸ்டரின் மனதில் அது இருந்தது. "எடுத்தாச்சு" என்று சொன்னதிலேயே அதுவும் அடக்கம் என்று அவர் நினைத்தார். எனக்கு வந்து சேர்ந்தது ஒரு முடிந்துபோன வேலை. உண்மையில் அது அப்போதுதான் ஆரம்பித்திருந்த வேலை.

நடந்து முடிந்ததைச் சொல்வது யாருக்கும் இயல்பாக வரும். இன்னும் நடக்க வேண்டியதைச் சொல்வதற்குத்தான் ஒரு வரிசையின் பிடி தேவைப்படுகிறது.

அந்த வரிசை ஒரு வினோதமான இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில், சுருக்கமாகவும் எதுவும் விடுபடாமலும் நிலைமையைச் சொல்ல வீரர்களைப் பழக்குவார்கள். அங்கே பணியாற்றிய டக் போனகம் பிற்பாடு கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் நோயாளிகளின் பாதுகாப்புக்கான வேலையில் சேர்ந்தார். மைக்கேல் லெனர்ட் என்ற டாக்டரும் அவரும் சேர்ந்து, 2000-களின் தொடக்கத்தில், அந்தக் கப்பல் பழக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு படி: இப்போது என்ன நிலைமை, அதற்கு முன் என்ன பின்னணி, இதைப் பார்த்து நான் என்ன நினைக்கிறேன், இனி என்ன செய்ய வேண்டும். இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நாங்கள் 'எஸ்பார்' என்கிறோம். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்கு வெளியிட்ட ஒன்பது தீர்வுகளில், கைமாற்றும் நேரத்துப் பேச்சும் ஒன்று. அதில் இந்த முறையைப் பரிந்துரைத்தார்கள். பேசி முடித்ததும் கேள்வி கேட்க நேரம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

முதலில் இது நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்யும்போது பேசுவதற்காக வந்தது. அந்தப் பேச்சில் நான்காவது படி ஒரு கோரிக்கை: 'நீங்கள் உடனே வந்து பாருங்கள்.' நர்ஸிடமிருந்து நர்ஸுக்கு மாறும் ஓவரில் அதே படி, கைமாறும் வேலைகளின் பட்டியலாகிவிடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல், 'கண்காணிக்கவும்' என்று ஒற்றைச் சொல்லில் நான்காவது படியை முடித்துவிடுகிறவர்கள் நிறைய. எதை, எத்தனை மணிக்கு, எந்த அளவு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது வராத 'கண்காணிக்கவும்', எங்கள் பெரியவர் விஷயத்தில் நடந்த "எடுத்தாச்சு" மாதிரிதான்.

வகுப்பில் நான் எப்போதும் ஒரு டெங்கு கேஸை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஆளுடையது அல்ல. பல வருடம் பார்த்தவர்களிலிருந்து கோத்து, எண்களை நானே வைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் எந்த வார்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

17-ஆம் படுக்கை. 34 வயதுப் பெண், தையல் வேலை பார்ப்பவர். நேற்றுக் காலை சேர்த்தார்கள். இன்று காலை ஏழு மணிக்கு ராத்திரி சிஸ்டர் இப்படி ஓவர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"பதினேழு, டெங்கு. ராத்திரி காய்ச்சல் விட்டுருச்சு அக்கா. பி.பி. நார்மல். பிளேட்லெட் 62 ஆயிரம். டிரிப்ஸ் போயிட்டிருக்கு. ரத்தம் அனுப்பியிருக்கு. ரெண்டு மூணு தடவை வாந்தி எடுத்தாங்க, மத்தபடி ஸ்டேபிள்."

பத்துப் பன்னிரண்டு வினாடிதான். கடைசிச் சொல்லைத் தவிர எல்லாமே உண்மை. கட்டில் பக்கத்தில் நிற்கும் கணவரும் இதைக் கேட்டு நிம்மதியாகிவிடுவார். காய்ச்சல் விட்டது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, இனி பிளேட்லெட் ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொள்வார். புதிதாகப் பணிக்கு வந்த சிஸ்டரும் அப்படியே நினைத்துக்கொண்டு 18-ஆம் படுக்கைக்கு நகர்ந்துவிடக் கூடும்.

டெங்குவின் வஞ்சகம் அங்கேதான் இருக்கிறது. மற்ற பல காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நோய் இறங்கியது என்று பொருள். டெங்குவில், நோய் தொடங்கிய மூன்றாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் ஆரம்பிக்கிறது. ஒன்று இரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கட்டத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பித்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்கிவிடும். குழாயில் ஓட வேண்டிய திரவம் வெளியே போய்விட, உடம்பு மெல்ல அதிர்ச்சி நிலைக்குச் சரியும். நோயாளி அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டேகூட இருப்பார்.

அதை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்கள் இருக்கின்றன, எல்லாமே அந்த ராத்திரி சிஸ்டரின் தாளில் எழுதியும் இருக்கின்றன. 'பி.பி. நார்மல்' என்ற இரண்டு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் 112-க்கு 76. நாலு மணிக்கு 108-க்கு 80. ஆறு மணிக்கு 106-க்கு 82. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றும் சரியான அளவுதான். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 36, பிறகு 28, பிறகு 24. இந்த இடைவெளி 20-ஆகவோ அதற்குக் கீழாகவோ போனால் டெங்குவில் அது அதிர்ச்சி நிலைக்கான அடையாளம். ஒரு தடவை எடுத்த பி.பி. இதைச் சொல்லாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் கேட்பவர் காதில் அந்தச் சரிவு விழும்.

பிளேட்லெட் எண்ணிக்கையை வீட்டார் எல்லோரும் பரீட்சை மார்க் மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கசிவைப் பற்றி அதைவிடத் தெளிவாகப் பேசுவது பி.சி.வி. என்று நாங்கள் சொல்லும் இன்னொரு எண். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்ற அளவு அது. நீர் வெளியே கசிந்தால் மிச்சமுள்ள ரத்தம் கெட்டிப்படும், ரசம் சுண்டுவது போல. எண் ஏறும். இவருக்குச் சேரும்போது 36, நேற்றுச் சாயங்காலம் 39. ஆறேகாலுக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை. "ரத்தம் அனுப்பியிருக்கு" என்ற சொல்லுக்குள் புதைந்து கிடப்பது அந்த முடிவுதான்.

இப்போது அதே ஓவரை வரிசைப்படி கேளுங்கள். ராத்திரி சிஸ்டர் முதலில் நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்து முழுப்பெயரையும் உள்நோயாளி எண்ணையும் படிக்கிறார். படுக்கை எண் ஆளின் அடையாளம் ஆகாது. ராத்திரியில் கட்டில் மாற்றிப் போட்டிருக்கலாம். பிறகு இப்படிச் சொல்கிறார்:

"34 வயசு அக்கா, டெங்கு. காய்ச்சல் ஆரம்பிச்சு இன்னைக்கு அஞ்சாம் நாள். ராத்திரி 11 மணியிலேர்ந்து காய்ச்சல் இல்லை.

நேத்து காலையில அட்மிஷன். வேற வியாதி இல்லை, மருந்து அலர்ஜி இல்லை. எடை 60 கிலோ. பி.சி.வி. வந்தப்போ 36, நேத்து சாயங்காலம் 39. பிளேட்லெட் 62 ஆயிரம். வலது கையில கேனுலா, ஆர்.எல். மணிக்கு 100 மில்லி.

பல்ஸ் 12 மணிக்கு 88, இப்ப 108. பி.பி. 112-க்கு 76 இருந்தது, 106-க்கு 82 ஆயிருக்கு, இடைவெளி 36-லேர்ந்து 24-க்கு வந்துருச்சு. 12-லேர்ந்து 6 வரைக்கும் யூரின் 130 மில்லிதான். வாந்தி மூணு தடவை. அஞ்சு மணியிலேர்ந்து வயிறு வலிக்குதுங்கறாங்க. லீக் ஆக ஆரம்பிச்சிருச்சோன்னு எனக்குக் கவலையா இருக்கு.

ஆறே கால் மணிக்கு டியூட்டி டாக்டர் வந்து பார்த்தாரு. பி.சி.வி. பார்த்துட்டு டிரிப்ஸை மாத்தறேன்னாரு. ரிசல்ட் இன்னும் வரலை, ஏழரைக்குள்ள லேப்புக்குப் போன் பண்ணணும். பல்ஸ், பி.பி., யூரின் மணிக்கொரு தடவை, அடுத்தது ஏழு மணிக்கு. இடைவெளி 20-க்கு வந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டரைக் கூப்பிடணும்."

ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். யூரின் கணக்கை மட்டும் விளக்கிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது போக வேண்டும். 60 கிலோவுக்கு மணிக்கு 30, ஆறு மணி நேரத்துக்கு 180. வந்திருப்பது 130. எடையைச் சொல்லாமல் 130 என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு அது வெறும் எண். பின்னணியில் எடையைச் சொன்னது மூன்றாவது படியில் பலன் தருகிறது. வரிசை ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

இன்னொரு காரணம் கேட்கிறவரைச் சார்ந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த காது, வராததைக் கண்டுபிடித்துவிடும். சேலை மடிக்கும்போது எதிர்முனையைப் பிடித்திருப்பவருக்கு எந்த மடிப்பு தப்பியது என்று கையிலேயே தெரிவது போல. அலர்ஜி சொல்லாமல் கேனுலாவுக்குப் போனால் வாங்குகிறவர் அங்கேயே நிறுத்திக் கேட்பார். மனம்போன வரிசையில் பேசினால் விடுபட்டது விடுபட்டதாகத் தெரியாது.

நான்கு படியிலும் மூன்றாவதுதான் இளம் நர்ஸ்களுக்குக் கடினம். "எனக்குக் கவலையா இருக்கு" என்று ஒரு வருட அனுபவமுள்ள பெண், பதினைந்து வருடம் ஆன சீனியரிடம் சொல்ல வேண்டும். 'நீ என்ன டாக்டரா' என்று முகம் கேட்டுவிடுமோ என்ற பயம். அதனால் எண்களை மட்டும் ஒப்பித்துவிட்டு, முடிவை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்க அந்தக் கட்டிலுக்குப் பத்துத் தடவை போய்வந்தவர் அவர். காலையில் வந்தவர் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்தப் பத்துத் தடவையில் கிடைத்த ஐயத்தைச் சொல்ல வரிசையிலேயே ஓர் இடம் ஒதுக்கியிருப்பதால், அதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேட்பவரும் அதைக் கேட்டே ஆக வேண்டும். என் வகுப்பில் 'ஸ்டேபிள்' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பேன். பதில் இருந்தால் அந்தப் பதிலையே சொல்லலாமே.

சொல்லி முடித்ததும் வாங்கியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முழுவதையும் அல்ல, நான்காவது படியை. "ஏழரைக்கு லேப், மணிக்கொரு பல்ஸ், பி.பி., யூரின், இடைவெளி 20 இல்லன்னா கைகால் சில்லிட்டா கூப்பிடறேன்." ஐந்து வினாடி. மருந்தளவு சொல்லும்போது இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அவசரக் காதுக்கு ஒன்றுதான். இன்சுலின் பதினைந்து யூனிட், ஒன்று-ஐந்து, என்று நாங்கள் பிரித்துச் சொல்லப் பழகியது அதனால்தான்.

இதையெல்லாம் நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பேசாமல் கட்டில் பக்கத்தில் பேசுவதற்கும் காரணம் உண்டு. அங்கே பேச்சைச் சரிபார்க்க முடியும். மணிக்கு 100 மில்லி என்று சொன்ன டிரிப்ஸ் உண்மையில் நின்றுபோயிருக்கலாம். கேனுலா போட்ட இடம் வீங்கி, திரவம் தோலுக்கடியில் இறங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 17-ஆம் படுக்கையில் அந்தப் பெண்ணே குறுக்கிட்டுச் சொல்கிறார்: "மூணு தடவை இல்லை சிஸ்டர், விடியக்காலையில பாத்ரூம்ல ஒரு தடவை எடுத்தேன், உங்ககிட்ட சொல்லலை." நான்கு தடவை என்று இரண்டு தாளிலும் திருத்தம் ஆகிறது. நோயாளியோ துணைக்கு இருப்பவரோ அந்த நேரத்தில் வாய் திறப்பதை இடைஞ்சலாக நினைக்கும் சிஸ்டர்கள் உண்டு, எனக்குத் தெரியும். நான் அதை விரும்பி எதிர்பார்த்தேன். நீங்கள் கட்டில் பக்கம் இருந்தால், தப்பாக ஏதாவது காதில் விழுந்தால், தயங்காமல் சொல்லுங்கள்.

கட்டில் பக்கத்தில் பேசக் கூடாதவையும் இருக்கின்றன. எச்.ஐ.வி. பற்றியது, வீட்டாரிடம் இன்னும் சொல்லப்படாத புற்றுநோய், பெண் தனியாகச் சொன்ன ஒரு விஷயம். பொது வார்டில் அடுத்த கட்டில் மூன்று அடி தூரம்தான். அவற்றை மேசைக்கு வந்து தனியே சொல்ல வேண்டும்.

இந்த வரிசையால் உண்மையிலேயே பிழை குறைகிறதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்வி. டாக்டர்களிடையே இதைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவுகளில், பயிற்சி டாக்டர்கள் கைமாற்றும்போது இதே போன்ற இன்னொரு நிலையான வரிசையைப் பழக்கினார்கள். அதன் பெயர் 'ஐ-பாஸ்'. 2014-இல் வெளியான முடிவில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகளைப் பார்த்ததில், மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. ஒரு நோயாளிக்குக் கைமாற்ற எடுத்த நேரம் கூடவில்லை. அது டாக்டர்களைப் பற்றியது, பயிற்சியும் தொடர் கண்காணிப்பும் சேர்ந்தது என்பதை மறந்துவிட்டு, ஒரு படிவத்தை அச்சடித்துக் கொடுத்தால் அதே பலன் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. படிவம் வந்த வார்டுகளில் நான் அடிக்கடி பார்த்தது, நான்கு கட்டத்தையும் நிரப்பிவிட்டு அதைப் பார்த்து ஒப்பிப்பதைத்தான். மூன்றாவது கட்டத்தில் எல்லா நோயாளிக்கும் ஒரே சொல் எழுதியிருக்கும். அது எந்தச் சொல் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

நேரக் கணக்கும் இருக்கிறது. முப்பது படுக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றால் அரை மணி நேரம். பல இடங்களில் அந்த அரை மணி நேரம் யாருடைய பணி நேரத்திலும் வராது. ராத்திரி சிஸ்டர் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். நடுவில் போன் அடிக்கும், ஒருவர் பில் கேட்பார், இன்னொருவர் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்பார். ஒவ்வொரு குறுக்கீட்டுக்குப் பிறகும் விட்ட இடத்தைப் பிடிக்கையில் ஒரு வரி தவறிவிடும். இரண்டு பணிக்கும் நடுவில் அரை மணி நேரம் மேற்பொருந்தும்படி அட்டவணை போடாத நிர்வாகம், நல்ல ஓவர் வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் எனக்கு மரியாதை இல்லை.

அந்த நேரத்துக்குள் சமாளிக்க நாங்கள் கண்ட ஒரு வழி, ஒன்றாம் படுக்கையிலிருந்து முப்பது வரை எண் வரிசையில் போவதை விடுவது. 28-ஆம் படுக்கையில் மோசமான ஆள் இருந்தால், அவர் முறை வரும்போது சொல்பவரின் குரலும் கேட்பவரின் காதும் களைத்திருக்கும். அதனால் கவலைக்குரிய நாலைந்து பேரை முதலில் நின்று, நான்கு படியும் முழுதாகப் பேசிவிடுவோம். நாளை வீட்டுக்குப் போகிறவருக்கு நான்கு படியும் நான்கு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஆனால் அவருக்கும் நான்காவது படியைத் தவற விடுவதில்லை. என் பெரியவரும் அன்று 'நல்லா இருக்கிறவர்' கணக்கில்தான் இருந்தார்.

17-ஆம் படுக்கைக்குத் திரும்புவோம். ராத்திரி சிஸ்டர் கிளம்பியதும் காலை சிஸ்டர் தள்ளிப்போயிருந்த ஏழு மணிக் கணக்கை முதலில் எடுக்கிறார். பல்ஸ் 112, பி.பி. 106-க்கு 84. இடைவெளி 22. சொன்ன எல்லைக்கு இன்னும் இரண்டு மீதி இருக்கிறது. ஏழரைக்கு லேப்புக்குப் போன் செய்கிறார். பி.சி.வி. 44. சேரும்போது இருந்த 36-லிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கசிவு உறுதி. டியூட்டி டாக்டருக்குப் போன் போகிறது. அதே நான்கு படியில், நாற்பது வினாடியில் சொல்கிறார். டாக்டர் வந்து டிரிப்ஸை மணிக்கு 300 மில்லியாகக் கூட்டுகிறார், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறார், பி.பி. இடைவெளி விரிய ஆரம்பித்ததும் படிப்படியாகக் குறைக்கிறார். கசிந்த நீர் பிற்பாடு ரத்தத்துக்கே திரும்பி வரும். அப்போதும் டிரிப்ஸ் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆகையால் கூட்டியது எத்தனை முக்கியமோ, குறைத்ததும் அத்தனை முக்கியம்.

மதியம் ஒரு மணிக்கு அடுத்த சிஸ்டர் வருகிறார். இருவரும் 17-ஆம் படுக்கையில் நிற்கிறார்கள். காலை சிஸ்டர் கைப்பட்டையைத் திருப்பிப் பெயரைப் படிக்கிறார்.

"டெங்கு, அஞ்சாம் நாள். காலையில லீக் ஆச்சு, ஃப்ளூயிட் கூட்டி இப்பக் குறைச்சிருக்கு, மணிக்கு 150 மில்லி. பி.பி. 110-க்கு 74. காலையிலேர்ந்து யூரின் 420 மில்லி. வயித்து வலி குறைஞ்சிருக்கு, ஆனா இன்னும் ஒருநாள் தாண்டணும். எனக்குக் கவலை இனிமே ஃப்ளூயிட் அதிகமாயிரக் கூடாதுங்கறதுதான். ரெண்டு மணிக்கு பி.சி.வி.க்கு ரத்தம் எடுக்கணும். வந்ததும் டாக்டர்கிட்டச் சொல்லி டிரிப்ஸ் எவ்வளவுன்னு கேட்டு எழுதிக்கணும். இருமினாலோ, படுக்க முடியாம எழுந்து உட்கார்ந்தாலோ, உடனே கூப்பிடுங்க."

"ரெண்டு மணிக்கு பி.சி.வி.," என்று வந்தவர் திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கிறார்.